ஒரே பத்திரம், இரண்டு விலை: வங்கிக் கணக்கில் எதை நம்புவது?

தேன்மொழி

தணிக்கைப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். 2023 மார்ச்சில் மூடப்பட்ட சிலிக்கான் வேலி வங்கியின் 2022 ஆண்டறிக்கையை எடுத்து உட்கார்ந்து படித்தேன். முதிர்வு வரை வைத்திருக்கப்போகும் பத்திரங்கள் என்று ஒரு வரி. தொகை சுமார் 9,130 கோடி டாலர். அதே வரியிலேயே அவற்றின் நியாய மதிப்பு சுமார் 7,620 கோடி என்றும் எழுதியிருக்கிறது. வித்தியாசம் 1,500 கோடிக்கு மேல். வங்கியின் மொத்தச் சொந்த மூலதனமோ சுமார் 1,600 கோடிதான்.

அதாவது சந்தை விலையை எழுதியிருந்தால் அந்த மூலதனம் ஏறக்குறைய கரைந்துபோயிருக்கும். ஆனால் கணக்கு விதிப்படி சரி. எதுவும் மறைக்கப்படவில்லை. இரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இதில் எது அந்தப் பத்திரங்களின் உண்மையான மதிப்பு? வகுப்பில் இரு முறைகளின் நன்மை தீமைகளை எழுதச் சொல்கிறார்கள். நானும் எழுதிவிடுகிறேன். ஆனால் இந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை.

நேர்கோடு

பதில் எளிது. நியாய மதிப்புதான் உண்மை. வாங்கிய விலை என்பது நடந்து முடிந்த கதை. என்றோ கொடுத்த விலையை இன்றைய சொத்து என்று காட்டுவது முதலீட்டாளரை ஏமாற்றுவதற்குச் சமம். வாங்கிய விலை முறையில், உலகமே மாறினாலும் ஏட்டில் எண் அசையாது. நான் பங்குகளில் முதலீடு செய்பவன். எனக்கு இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கருவூலத்தார்

வங்கிக் கருவூலப் பிரிவில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். நேர்கோடு சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஏட்டில் எண் அசையாது என்பது மட்டும் சரியல்ல. கடன் வாங்கியவர் திருப்பித் தரமாட்டார் என்று தெரிந்தால் வாங்கிய விலையில், அதாவது அடக்க விலையில், வைத்த சொத்தையும் குறைத்தே ஆகவேண்டும். தேன்மொழியின் கேள்விக்கு முக்கியமான செய்தி வேறு: இங்கே கடனாளி பெரும்பாலும் அமெரிக்க அரசு, அல்லது அரசின் ஆதரவு பெற்ற அடமான நிறுவனங்கள். பணம் வராமல் போகும் என்ற அச்சமே இல்லை. விலை விழுந்ததற்குக் காரணம் வட்டி விகிதம் மட்டுமே. கடனாளி தவறுவதால் வரும் நட்டத்தைத் தேடும் வலையில் வட்டியால் வரும் நட்டம் சிக்காது. அதனால்தான் எண் அசையாமல் நின்றது.

ஒரு பத்திரத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். முகமதிப்பு 100, பத்து ஆண்டு, ஆண்டுக்கு 1.5 வட்டி. நூறு கொடுத்து வாங்கினீர்கள். மறுநாளே சந்தை வட்டி 4 சதவீதமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி வரப்போகும் பத்து வட்டித் தவணைகளையும் கடைசியில் வரும் நூறையும் 4 சதவீதத்தில் இன்றைய பணமாக மாற்றினால் 79.7 வரும். அதுதான் சந்தை விலை. நட்டம் 20.3.

முதிர்வு வரை வைத்திருந்தால் நூறு முழுதாகத் திரும்பும், ஆகவே நட்டமே இல்லை என்று என் மேலதிகாரிகள் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொன்னேன். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். இன்று அதே நூறைப் புதிதாக முதலீடு செய்பவருக்கு ஆண்டுக்கு 4 கிடைக்கிறது. உங்களுக்கு 1.5. ஆண்டுக்கு 2.5 குறைவு, பத்து ஆண்டுக்கு. இந்தப் பத்து 2.5-களையும் இன்றைய பணமாக மாற்றிக் கூட்டினால் 20.3. சந்தை சொன்ன நட்டம் அதேதான், ஒரு பைசா மாறாமல்.

ஆக, வைத்திருப்பதால் நட்டம் மறைவதில்லை. ஒரே நாளில் 20.3 ஆக எழுதுவதா, பத்து ஆண்டுகளில் குறைந்த வருமானமாகச் சிறிது சிறிதாக அனுபவிப்பதா என்பதே இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு.

நேர்கோடு

ஐயா, நான் சொன்னதையே எனக்காக நிரூபித்துவிட்டீர்கள். பிறகு ஏன் பாதி என்கிறீர்கள்?

மாடவிளக்கு

இந்த இழை எனக்குப் பொருத்தமாக இருப்பதால் கேட்கிறேன். எங்கள் குடும்ப நிறுவனம் 1986-இல் ஒரு நிலம் வாங்கி அதில் தொழிற்கூடம் கட்டியது. ஏட்டில் இன்றும் அந்தப் பழைய விலைதான். கடனுக்கு விண்ணப்பிக்கப்போகிறோம். நிலத்தை மட்டும் இன்றைய விலைக்கு ஏற்றி எழுதினால் இலாபம் பெரிதாகத் தெரியும் என்று என் அண்ணன் சொல்கிறார். நியாய மதிப்பே உண்மை என்றால் அப்படிச் செய்யலாம் அல்லவா?

செல்வி (மதிப்பீட்டாளர்)

உங்கள் கேள்வி வேறு, ஆனாலும் சொல்கிறேன். நிறுவனம் தானே பயன்படுத்தும் நிலம், கட்டடம் ஆகியவற்றுக்கு ஐ.ஏ.எஸ். 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை பொருந்தும். பழைய விலையிலேயே விடுவது, இன்றைய விலைக்கு ஏற்றுவது என்ற இரண்டு வழியையும் அது அனுமதிக்கிறது. உங்கள் நிறுவனம் எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் கணக்காயரிடம் கேளுங்கள்.

ஏற்றி எழுதும் தொகை இலாபத்துக்குள் வராது. அது நேரே மூலதனப் பகுதியில் மறுமதிப்பீட்டு உபரியாகப் போய் உட்காரும். நாளை நிலத்தை விற்றாலும் அந்த உபரி இலாப நட்டக் கணக்கு வழியாக வராது. ஆகவே அண்ணன் எதிர்பார்க்கும் இலாபம் இல்லை. விலை ஏறிய ஒரு மனையை மட்டும் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் ஏற்றி எழுதவேண்டும், பிறகும் அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும்.

கட்டடத்தையும் ஏற்றினால் இலாபம் குறையும். ஏட்டில் 40, மீதி ஆயுள் 20 ஆண்டு என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 2. அதை 100 ஆக ஏற்றினால் தேய்மானம் 5. ஆண்டுக்கு 3 கூடுதல் செலவு, கையில் ஒரு காசு கூட வராமல். கடன் கொடுப்பவர் எப்படியும் தன் மதிப்பீட்டாளரை அனுப்புவார். உங்கள் ஏட்டு எண்ணை அவர் நம்பப்போவதில்லை.

மாடவிளக்கு

நன்றி அம்மா. இலாபத்துக்கு வராது என்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணனிடம் காட்டுகிறேன்.

செல்வி (மதிப்பீட்டாளர்)

நேர்கோடுக்கும் ஒரு வார்த்தை. நியாய மதிப்பு என்றதும் பங்குச் சந்தைத் திரையில் ஓடும் விலை உங்கள் கண்முன் வருகிறது. அது முதல் நிலை. நியாய மதிப்பை அளப்பதற்கான தரநிலை ஐ.எஃப்.ஆர்.எஸ். 13, அதை மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. மூன்றாம் நிலையில் சந்தையே இல்லை, எங்களைப் போன்றவர்களின் அனுமானம் மட்டுமே இருக்கிறது.

என் மேசையிலிருந்து ஒரு கணக்கு. ஒரு கூடம் ஆண்டுக்கு 12 வாடகை தருகிறது, என்றென்றும் தரும் என்று கொள்வோம். 9 சதவீத வீதம் போட்டால் மதிப்பு 133. எட்டு போட்டால் 150. பக்கத்தில் விற்பனை எதுவும் நடக்காத பகுதியில், எட்டா ஒன்பதா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நிர்வாகம் 8-ஐயே விரும்பும், காரணங்களையும் நேர்த்தியாக எழுதித் தரும். ஒருமுறை இதற்காக ஒரு வாடிக்கையாளரை இழந்தேன். அவர் அடுத்த வாரமே வேறொருவரிடம் 8 வாங்கிவிட்டார். அவர் வாங்கிய விலை 95 என்ற ரசீது மட்டும் யாராலும் மாற்ற முடியாததாக இருந்தது. வாங்கிய விலையே போதும் என்பவர்களின் பலம் அந்த ரசீதுதான்.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2000-இல், வீடியோ வாடகைக் கடைகள் நடத்திய பிளாக்பஸ்டருடன் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டது, வீடுகளுக்கு இணையம் வழியாகத் திரைப்படம் அனுப்ப. தொழில் சோதனை நிலையைத் தாண்டவில்லை. ஆனால் வருங்கால இலாபத்தை மாதிரிக் கணக்கால் இன்றைய மதிப்பாக்கி, இரண்டு காலாண்டுகளில் 11 கோடி டாலர் இலாபம் எழுதினார்கள். 2001 மார்ச்சில் ஒப்பந்தமே முறிந்தது. அந்த 11 கோடியும் நியாய மதிப்பு என்ற பெயரில்தான் எழுதப்பட்டது.

நேர்கோடு

மூன்றாம் நிலையைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் தேன்மொழி கேட்டது அரசுப் பத்திரம். திரையில் விலை இருக்கிறது. யாருடைய அனுமானமும் வேண்டாம். அங்கே அடக்க விலைக்கு என்ன நியாயம்?

கருவூலத்தார்

நான் பாதி என்றதற்குக் காரணம் இதோ. வங்கி என்றால் பத்திரம் மட்டும் அல்ல, எதிர்ப்பக்கத்தில் டெபாசிட்டும் இருக்கிறது.

என் பழைய உதாரணத்தையே நீட்டுகிறேன். பத்திரம் 100. அதற்கான பணத்தில் 90 வைப்புத்தொகை, வங்கி தரும் வட்டி அரை சதவீதம். சந்தை வட்டி 1.5 ஆக இருந்தபோது, வெளியில் கடன் வாங்குவதைவிட இந்த டெபாசிட்டால் வங்கிக்கு ஆண்டுக்கு 0.9 மிச்சம். சந்தை வட்டி 4 ஆனதும், வைப்பாளர்கள் அதே அரை சதவீதத்தில் பேசாமல் இருந்தால், மிச்சம் 3.15. கூடுதல் ஆதாயம் ஆண்டுக்கு 2.25. பத்து ஆண்டுக்கு இன்றைய பணமாக்கினால் 18.2. பத்திரத்தில் நட்டம் 20.3, டெபாசிட்டில் ஆதாயம் 18.2. வங்கி ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இப்போது பத்திரத்தை மட்டும் சந்தை விலைக்குக் குறைத்து, டெபாசிட்டை அப்படியே விட்டால், 2 நட்டம் அடைந்த வங்கி 20 நட்டம் அடைந்ததாகத் தெரியும். தராசின் ஒரு தட்டை மட்டும் அசைப்பது போன்றது அது. இந்த இடத்தில்தான் அடக்க விலை நியாயமாகிறது: இரண்டு தட்டையும் அசைக்காமல் விட்டுவிடுகிறது. என் காலத்து வங்கியாளர்கள் சோம்பலால் அடக்க விலையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

தேன்மொழி

ஐயா, இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த 18.2 எங்கே இருக்கிறது? எந்த ஏட்டிலும் இல்லையே. வைப்பாளர்கள் இருந்தால் மட்டும் இருக்கும் ஆதாயம் அல்லவா?

கருவூலத்தார்

அந்தக் கேள்வியில்தான் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

2022 மார்ச்சில் அமெரிக்க மைய வங்கியின் வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 4.25-க்கு மேல். இந்த வங்கியின் டெபாசிட் 17,300 கோடி டாலர், பெரும்பாலும் இளம் தொழில்நுட்ப நிறுவனங்களுடையது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல், 2.5 லட்சம் டாலர் என்ற காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. இவர்கள் அரை சதவீதத்தில் தூங்கும் வைப்பாளர்கள் அல்ல. செய்தி கேட்ட நிமிடம் கைப்பேசியில் பணத்தை நகர்த்துபவர்கள்.

2023 மார்ச் 8 அன்று வங்கி 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று 180 கோடி நட்டம் என்று அறிவித்தது. எதை விற்றது என்பதைக் கவனியுங்கள். விற்பனைக்குத் தயார் என்ற வகையிலிருந்து மட்டும். அது ஏற்கெனவே ஏட்டில் நியாய மதிப்பில்தான் இருந்தது, ஆனால் ஏற்ற இறக்கம் இலாபத்தில் சேராமல் நேரே மூலதனப் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதிர்வு வரை வைத்திருக்கும் வகையைத் தொடவில்லை, தொட முடியவுமில்லை. அதில் ஒரு பகுதியை விற்றால், முதிர்வு வரை வைத்திருப்பேன் என்ற வாக்கே பொய்யாகி, மீதி முழுவதையும் சந்தை விலைக்குக் கொண்டுவரவேண்டியிருக்கும். மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. 10-ஆம் தேதி வங்கி மூடப்பட்டது.

என் உதாரணத்துக்குத் திரும்பினால், வைப்பாளர்கள் போனதும் 18.2 ஆவியாகிவிட்டது, 20.3 மட்டும் மிஞ்சியது. அடக்க விலையை நியாயப்படுத்திய அதே ஆதாயம் ஒரே நாளில் இல்லாமல் போனது.

ஆகவே தேன்மொழி, உங்கள் வரிக்கு என் பதில் இது. முதிர்வு வரை வைத்திருக்கும் எண்ணமும் ஆற்றலும் இருக்கவேண்டும் என்கிறது விதி. எண்ணம் இருந்தது, சந்தேகமில்லை. ஆற்றல் வைப்பாளர்களின் கையில் இருந்தது. ஆற்றல் உள்ளவருக்கு 9,130, இல்லாதவருக்கு 7,620.

நேர்கோடு

அப்படியென்றால் 2008-ஐயும் பேசவேண்டும். சந்தை விலைக்குக் குறைக்கும் விதிதான் அப்போது வங்கிகளைக் கவிழ்த்தது, 2009-இல் விதியைத் தளர்த்தியதும் சந்தை மீண்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது என் கட்சிக்கு எதிரான வாதம்தான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்.

செல்வி (மதிப்பீட்டாளர்)

உங்கள் கட்சிக்கு எதிரானதை நீங்களே கொண்டுவந்ததற்கு நன்றி. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2008 டிசம்பரில் இதை ஆராய்ந்து, அந்த ஆண்டு வங்கிகள் விழுந்ததில் நியாய மதிப்புக் கணக்கியலுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு இல்லை என்று முடிவு சொன்னது. மோசமான கடன்களே பெரும் காரணம். பல வங்கிகளின் கடன்கள் பெரும்பாலும் அடக்க விலையில்தான் இருந்தன. காலமும் சரியாகப் பொருந்தவில்லை: சந்தையின் அடிமட்டம் 2009 மார்ச் 9, தளர்த்தும் வழிகாட்டுதல் ஏப்ரல் 2.

ஆனாலும் முழுவதும் தள்ளிவிட மாட்டேன். வாங்குபவர்களே இல்லாத நாளில், பணத்துக்குத் தவித்த ஒருவர் விற்ற விலையை எல்லோருடைய பத்திரத்துக்கும் போடும் ஆபத்து உண்டு. கட்டாய விற்பனை நியாய மதிப்பு ஆகாது என்று விதி சொல்கிறது. எது கட்டாயம், எது சந்தை என்று அந்த நாளில் யார் முடிவு செய்வது? என் தொழிலில் எனக்குத் தூக்கம் வராத கேள்வி இது.

ஒதுங்கிநின்றவன்

எளிய தீர்வு இருக்கிறதே. பத்திரத்தையும் டெபாசிட்டையும் இரண்டையும் நியாய மதிப்பில் எழுதிவிடலாம். தராசு சமமாகும்.

கருவூலத்தார்

நானும் அப்படி நினைத்ததுண்டு. ஆனால் கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய டெபாசிட்டின் நியாய மதிப்பு, கேட்டால் தரவேண்டிய தொகைக்குக் கீழே போகக்கூடாது என்கிறது ஐ.எஃப்.ஆர்.எஸ். 13. 90 என்றால் 90. வைப்பாளர் பத்து ஆண்டு இருப்பார் என்ற நம்பிக்கையை அதில் கழிக்க முடியாது. ஆக முழு நியாய மதிப்புக்குப் போனாலும் என் 18.2 ஏட்டில் வராது.

இது சரியா தவறா என்பதில் எனக்கே நிலையான கருத்து இல்லை. சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி வெளியேறியதை நினைத்தால் விதி சரி என்று தோன்றுகிறது. முப்பது ஆண்டுகளாக ஒரே கிளையில் பணம் வைத்திருக்கும் வைப்பாளர்களை நினைத்தால், அவர்களின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

செல்வி (மதிப்பீட்டாளர்)

எனக்கு ஒப்புகிறது. அந்த 18.2-க்கு என்னிடம் மதிப்பீடு கேட்டால், அவர்கள் எத்தனை ஆண்டு இருப்பார்கள் என்று நான் ஊகிக்கவேண்டும். அது மூன்றாம் நிலையையும் தாண்டிய ஊகம். நிர்வாகம் எனக்கு எந்த எண்ணைத் தரும் என்பது தெரியும்.

நேர்கோடு

நான் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பது போதும் என்று எழுதினேன். விற்கவேண்டிய நிலை வருமா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கவேண்டும். ஆனால் திரையில் விலை உள்ள பத்திரத்தை அந்த விலையில்தான் முகப்பில் எழுதவேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. அடக்க விலையை அதே வரியில் சிறு எழுத்தில் போடட்டும். ஆண்டறிக்கை வெளிவந்தபோதே இரண்டு எண்ணும் இருந்தன, ஆனால் எந்த எண் கூட்டலில் சேர்ந்ததோ அதையே பெரும்பாலானோர் படித்தார்கள்.

தேன்மொழி

இன்று மாலை வேறொரு வங்கியின் அறிக்கையில் இதையெல்லாம் தேடிப் பார்த்தேன், பெயர் வேண்டாம். பத்திரங்களின் அடக்க விலையிலிருந்து நியாய மதிப்பைக் கழித்தேன், அதை மூலதனத்தோடு ஒப்பிட்டேன். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு வந்தது. பிறகு காப்பீட்டுக்கு வெளியே எவ்வளவு டெபாசிட் என்று தேடினேன். பாதிக்கும் குறைவு. அதுவரை நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. 2022-இல், வட்டி ஏறத் தொடங்கிய பிறகு, விற்பனைக்குத் தயார் என்ற வகையிலிருந்து பெரிய தொகையை முதிர்வு வரை வைத்திருக்கும் வகைக்கு மாற்றியிருக்கிறார்கள். அன்றுவரை விழுந்த விலை மூலதனப் பகுதியில் அப்படியே உறைந்து நின்று சிறிது சிறிதாகக் கரைகிறது. அதற்குப் பிறகு விழுந்தது எங்கும் சேரவில்லை. கருவூலத்தார் ஐயா, இந்த மாற்றம் செய்த நாளில் அவர்களுக்கு உண்மையில் ஆற்றல் இருந்ததா என்பதைத் தணிக்கையாளராக நான் எந்தக் காகிதத்தைக் கேட்டுச் சரிபார்க்கவேண்டும்?

கருவூலத்தார்

இயக்குநர் குழுவின் தீர்மானத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். அதில் எண்ணம் மட்டுமே இருக்கும். நீங்கள் பணப்புழக்க நெருக்கடிச் சோதனையைக் கேளுங்கள். அதில் டெபாசிட்டில் எத்தனை சதவீதம், எத்தனை நாளில் போகும் என்று வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வெளியேற்றத்தை, இந்தப் பத்திரங்களை விற்காமல், அடமானம் வைத்துக் கடன் வாங்கியாவது சமாளிக்க முடிகிறதா என்று கூட்டிப் பாருங்கள். அடமானத்தில் கிடைக்கும் கடன் பெரும்பாலும் சந்தை விலையை வைத்துத்தான் கணக்கிடப்படும், அடக்க விலையை வைத்தல்ல. அந்தச் சோதனையின் தேதி, வகை மாற்றிய தேதிக்கு முன்பா பின்பா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.